எட்டு மாதம் கழித்து வேலைக்கு வரும் அக்காவுக்கு என்ன எழுதுவது?

"எங்கள் கணக்குப் பிரிவில் ஒரு அக்கா மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்காக 8 மாதம் விடுப்பில் இருந்தார். வரும் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகிறார். அட்டையில் என்ன எழுதுவது, நேரில் பார்த்ததும் என்ன சொல்வது? எதையாவது தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது. இதே மாதம் இன்னொரு பெண் மகப்பேறு விடுப்பு முடிந்து வருகிறார். அவருக்கும் இதையே எழுதலாமா?"

திங்கட்கிழமை நெருங்கிவிட்டது, அதனால் அட்டைக்கான வாசகத்தை முதலில் தந்துவிடுகிறேன்.

"அக்கா, வாங்க. உங்கள் இடத்தில் உங்களைப் பார்ப்பது எங்களுக்கு ரொம்ப சந்தோஷம். மார்ச் கணக்கை முடிக்கும்போது நீங்கள் எழுதி வைத்திருந்த நோட்டைப் பார்த்துத்தான் முடித்தோம். மெதுவாகத் தொடங்குங்கள், நாங்கள் பக்கத்தில்தான் இருக்கிறோம்."

மார்ச் கணக்கு, நோட்டு என்பதெல்லாம் நான் ஊகித்துப் போட்டது. அந்த இடத்தில் உங்கள் அலுவலகத்தில் உண்மையில் நடந்த ஒன்றை வையுங்கள். நான் திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் 16 வருடமாக மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். நீண்ட விடுப்பு முடிந்து வருகிறவர்கள் முதலில் வந்து நிற்பது என் மேசைக்கு முன்னால்தான். அன்று காலை கேட்ட எந்த வார்த்தை அவர்களுக்கு ஆறுதலாக இருந்தது, எது உறுத்தியது என்று பின்னாளில் அவர்களே என்னிடம் சொன்னதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அச்சகத்தில் அட்டை அடிக்கக் கொடுத்தால் பெரிய எழுத்தில் 'மீண்டும் வருக' என்று போட்டுக் கொடுத்துவிடுவார்கள், கவனமாக இருங்கள். வெல்கம் பேக் என்பதைத் தமிழாக்கினால் அதுதான் வருகிறது. ஆனால் நம் ஊரில் அந்த வார்த்தை ஊர் எல்லை வளைவின் பின்பக்கத்தில் 'நன்றி, மீண்டும் வருக' என்று இருக்கும், கிளம்பிப் போகிறவர் கண்ணில் படுகிற மாதிரி. ஓட்டல் பில்லின் அடியிலும் அதுவே இருக்கும். வழியனுப்பச் சொல்வதை வருகிறவரிடம் சொன்னால் நெருடும். 'நல்வரவு' என்று போட்டால் கல்யாண மண்டப வாசல் மாதிரி ஆகிவிடும், அது விருந்தாளிக்குச் சொல்வது. அக்கா தன் சொந்த இடத்துக்கு வருகிறார். அதற்குத் தமிழில் தனியாக ஒரு சொல் கிடையாது, தேவைப்பட்டதும் இல்லை. வெளியூரில் வேலை பார்க்கும் மகள் பஸ்ஸை விட்டு இறங்கி வாசலுக்கு வந்தால் அம்மா 'வாம்மா' என்றுதான் சொல்வார். அந்த 'வாங்க' போதும். அதைத்தான் அட்டையின் முதல் வரியில் வைத்தேன்.

சிலர் 'மீண்டு வந்த எங்கள் அக்காவுக்கு' என்று எழுத ஆசைப்படுவார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் மீண்டுவிட்டாரா என்பது அவருக்கே இன்னும் தெரியாமல் இருக்கலாம். எட்டு மாதம் என்றால் அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு என்ற பெரிய பகுதி முடிந்திருக்கும். அதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று வெளியே இருக்கிற நாம் நினைத்துக்கொள்கிறோம். மார்பகப் புற்றுநோயில் பலருக்கு அதற்குப் பிறகு தினமும் ஒரு ஹார்மோன் மாத்திரை உண்டு, குறைந்தது 5 வருடம், சிலருக்கு 10 வருடம் வரை. வேறு ஒரு வகையில் 3 வாரத்துக்கு ஒரு ஊசி என்று ஒரு வருடம் போகும். வேலைக்கு வந்துகொண்டே அந்த ஊசியும் போட்டுக்கொண்டிருப்பார்கள். முதல் சில வருடங்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டும், ஒவ்வொன்றுக்கும் முந்தின வாரம் தூக்கம் இருக்காது. உங்கள் அக்காவுக்கு இதில் எது என்று நமக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் 'குணமாகி வந்ததற்கு வாழ்த்துகள்' என்று எழுதினால், அந்த நிலையில் இருக்கிறவர் அதைப் படித்துவிட்டு மனதுக்குள் 'இன்னும் இல்லையே' என்று சொல்லிக்கொள்வார். அதை உங்களிடம் சொல்லவும் முடியாது, சிரித்து நன்றி சொல்லியாக வேண்டும்.

'புற்றுநோயை வென்ற வீராங்கனை' என்பதையும் இதே காரணத்துக்காகத் தவிர்க்கச் சொல்வேன். நாளைக்கு அது திரும்பி வந்தால் அவர் தோற்றுப்போனவர் ஆகிவிடுவாரா? சிகிச்சை பலன் கொடுப்பதும் கொடுக்காததும் மன உறுதியால் நடப்பதில்லை. அவரே தன்னைப் பற்றி 'ஜெயிச்சுட்டேன்' என்று சொன்னால் நீங்களும் கூடச் சேர்ந்து சந்தோஷப்படுங்கள். நீங்களாக அந்தப் பட்டத்தைக் கொடுக்க வேண்டாம்.

நேரில் சொல்லும் வார்த்தைகளில் பெரும்பாலான தவறு உடம்பைப் பற்றிப் பேசுவதில்தான் வருகிறது. நமக்கு அது பழக்கம். ரொம்ப நாள் கழித்து யாரைப் பார்த்தாலும் 'என்ன இப்படி மெலிஞ்சுட்டீங்க', 'நல்லா பூசின மாதிரி ஆயிட்டீங்க' என்று ஆரம்பிப்போம். அன்பாகத்தான் கேட்கிறோம். ஆனால் கீமோ தொடங்கிய 2, 3 வாரத்தில் முடி கொட்ட ஆரம்பிக்கும். சிகிச்சை முடிந்த பிறகு திரும்ப முளைத்துத் தலையை மூடுவதற்குச் சில மாதம் ஆகும், சிலருக்கு முன்பு இல்லாத சுருட்டை முடியாகக்கூட வரும். கீமோவோடு கொடுக்கிற ஸ்டீராய்டு மருந்தால் சிலருக்கு எடை கூடும். மெலிந்து வருவார் என்று எதிர்பார்த்திருக்கிற அலுவலகம், முகம் உப்பி வருகிறவரைப் பார்த்து 'நல்லா ரெஸ்ட் எடுத்துட்டு வந்திருக்கீங்க போல' என்று சொல்லிவிடும். எட்டு மாதமாக மருந்தோடு மல்லாடியவர் காதில் அது எப்படி விழும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதில் நானே ஒரு தவறு செய்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் எங்கள் கட்டிங் பிரிவு மேற்பார்வையாளர் ஒருவர் இதே சிகிச்சை முடிந்து வந்தார். உள்ளே நுழைந்தவரைப் பார்த்து, மனசார, "முடியெல்லாம் அப்படியே இருக்கே, நல்லவேளை" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போனார். மதியம் சாப்பாட்டு நேரத்தில் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். "அது விக் மேடம். நீங்க சொன்னதிலேர்ந்து யாருக்காவது தெரிஞ்சிடுமோன்னு கை அங்கேயே போகுது. காலையில இருந்து வேலையே ஓடலை" என்றார். பேசும்போதும் அவர் வலது கை காதுக்கு மேலே விளிம்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தது. நான் சொன்னது திட்டு இல்லை, பாராட்டுதான். பாராட்டாக இருந்தாலும் தலையைப் பற்றியதாக இருந்தது, அதுதான் சிக்கல். அன்றிலிருந்து நல்லதோ கெட்டதோ, உடம்பைப் பற்றி நானாக ஒரு வார்த்தை பேசுவதில்லை. 'பார்த்தா நோயாளி மாதிரியே இல்லீங்க' என்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

சரி, உடம்பைப் பற்றிப் பேசக்கூடாது, நோயைப் பற்றிப் பேசக்கூடாது என்றால் மிச்சம் என்ன இருக்கிறது? வேலை இருக்கிறது. எட்டு மாதம் நோயாளியாக மட்டுமே நடத்தப்பட்டவர் திரும்பி வருவது பாதி சம்பளத்துக்கு, பாதி பழையபடி கணக்குப் பிரிவு அக்காவாக இருப்பதற்கு. அவருடைய வேலையை நினைவுபடுத்துகிற ஒரு வரி பத்து வாழ்த்தை விடப் பெரியது. ஆனால் அந்த வரியிலும் வழுக்கும் இடம் இரண்டு இருக்கிறது.

எங்கள் நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர் ஒருவர் 7 மாதம் கழித்துத் திரும்பியபோது, அவர் குழுவினர் எழுதி என்னிடம் காட்டிய வரைவு இப்படி இருந்தது: "நீங்கள் இல்லாமல் நாங்கள் பட்ட கஷ்டம் கொஞ்சநஞ்சமல்ல. இரண்டு ஆர்டர் தாமதமானது. இனி எங்களுக்குக் கவலையில்லை." பாசம்தான். ஆனால் படிக்கிறவருக்கு அதில் இரண்டு செய்தி போகிறது. என்னால் இவர்கள் சிரமப்பட்டார்கள், ஆர்டர் தாமதமானதற்கு நான் காரணம் என்பது ஒன்று. நாளையிலிருந்து எல்லாம் என் தலையில் என்பது இன்னொன்று. இதைச் சொன்னதும் ஒரு பையன் மாற்றி எழுதினான்: "நாங்கள் எல்லாவற்றையும் சமாளித்துவிட்டோம், நீங்கள் எதற்கும் கவலைப்பட வேண்டாம்." இது அதைவிட மோசம். விடுப்பில் இருக்கிறவருக்கு ராத்திரியில் வரும் பயமே 'நான் இல்லாமலே ஓடுகிறது, இனி நான் எதற்கு' என்பதுதான். அதை அட்டையில் அச்சடித்துக் கொடுத்தது மாதிரி ஆகிவிடும்.

அப்புறம் உட்கார்ந்து பேசினோம். அவர் செய்து வைத்துவிட்டுப் போனதில் எதை இந்த 7 மாதத்தில் யார் பயன்படுத்தினார்கள் என்று கேட்டேன். ஒரு பெண் சொன்னாள், அவர் பழைய சாயப்பட்டறைத் துணித் துண்டுகளை ஒரு கோப்பில் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'துவைத்தால் வெளிறும்', 'இவர்கள் சொன்ன நாளுக்குத் தர மாட்டார்கள்' என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார், அதைப் பார்த்துத்தான் ஒரு ஆர்டரைக் காப்பாற்றினோம் என்று. கடைசியில் அட்டையில் இருந்தது இது: "வாங்கக்கா. உங்கள் துணித்துண்டுக் கோப்பு இப்போது எங்கள் எல்லோர் கையிலும் சுற்றுகிறது. நீலத்துக்குப் பக்கத்தில் நீங்கள் பென்சிலில் எழுதியதைப் படித்துத்தான் ஜூன் ஆர்டரில் பட்டறையை மாற்றினோம். புதிதாகப் பதினோரு துண்டு சேர்த்திருக்கிறோம், நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்." அந்தக் கோப்பையும் அட்டையோடு அவர் மேசையில் வைத்தார்கள். அவர் முதல் அரைமணி நேரம் யாரோடும் பேசாமல் அதைத்தான் புரட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் பென்சில் கேட்டார்.

உங்கள் கணக்குப் பிரிவிலும் இப்படி ஒன்று கட்டாயம் இருக்கும். அக்கா போட்டு வைத்த எக்செல் ஷீட், அவர் கையெழுத்தில் வவுச்சர் கோப்பின் முதுகில் ஒட்டிய சீட்டு, ஏதாவது. அதைத் தேடிப் பிடித்து ஒரு வரி எழுதுங்கள். கிடைக்கவில்லை என்றால் இல்லாததை இட்டுக்கட்டாமல் 'வாங்கக்கா' என்று எழுதி உங்கள் பெயரைப் போடுங்கள், அது போதும்.

அட்டைக்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அவருக்கு நெருக்கமான ஒருவர் வெள்ளிக்கிழமையே ஒரு வாட்ஸ்அப் அனுப்பட்டும். நான் வழக்கமாக அனுப்புவது இது: "அக்கா, திங்கட்கிழமை உங்களைப் பார்க்கப் போறோம்னு சந்தோஷமா இருக்கு. ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். நீங்க வர்றதை எல்லாருக்கும் சொல்லவா, இல்லை நீங்களே பார்த்துப்பீங்களா? கேக், கூட்டம் எதுவும் வேணாம்னா சும்மா விட்டுடறோம். ரெண்டு வார்த்தையில பதில் போட்டா போதும்." இதைக் கேட்காமல் விட்டால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் மேலாளர் எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினார், அதில் நோயின் பெயரைப் போட்டு, 'தைரியமாக எதிர்கொண்டு திரும்புகிறார்' என்று. விடுப்பு எடுத்தவர் அதை மேலாளரிடமும் இன்னும் இரண்டு பேரிடமும் மட்டும்தான் சொல்லியிருந்தார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிற வீடு, வரன் தட்டிப்போகுமோ என்ற பயம் அவருக்கு. உங்களுக்கு நோயின் பெயர் தெரியும் என்பதால் அலுவலகம் முழுக்கத் தெரியும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பொதுவாக அனுப்பும் செய்தியில் 'விடுப்பு முடிந்து திங்கட்கிழமை வருகிறார்' என்பதோடு நிறுத்திவிடுங்கள்.

சால்வை போர்த்தும் யோசனை யாருக்காவது வந்தால் தடுத்துவிடுங்கள். சால்வை, மாலை, எல்லோர் முன்னாலும் 'ரெண்டு வார்த்தை பேசுங்க' என்பதெல்லாம் பணி ஓய்வு விழாவில் செய்வது. வரிசையாகக் கைகுலுக்குவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. அக்குள் நிணநீர்க் கணுக்களை எடுத்தவர்களுக்கு அந்தப் பக்கத்துக் கை வீங்கும் வாய்ப்பு உண்டு, தோள் இறுக்கமாக இருக்கும். ஆர்வத்தில் கையைப் பிடித்து இழுத்தாலோ கட்டிப்பிடித்தாலோ வலிக்கும். அவர் கையை நீட்டினால் நீட்டுங்கள், இல்லாவிட்டால் ஒரு வணக்கம்.

காலையில் அவர் உள்ளே வரும்போது ஒரே ஒருவர் எழுந்து போய் "வாங்கக்கா, டீ சொல்லிட்டேன்" என்று சொன்னால் நன்றாக இருக்கும். மற்றவர்கள் அவரவர் இடத்திலிருந்தே "வாங்கக்கா" சொல்லிச் சிரித்தால் போதும். 'எப்படி இருக்கீங்க' என்று கேட்பதில் தப்பில்லை, ஆனால் பன்னிரண்டு பேர் ஒரே காலையில் கேட்டால் பன்னிரண்டு முறை அவர் பதில் தேட வேண்டும். அதற்குப் பதிலாக 'சாப்பிட்டீங்களா?' என்று கேளுங்கள். நம் ஆட்களுக்கு அதுதான் நலம் விசாரிப்பு, பதிலும் சுலபம்.

அவராகவே சிகிச்சையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் "சொல்லுங்கக்கா" என்று கேட்டுக்கொண்டிருங்கள். அந்த நேரத்தில் 'எங்க சித்திக்கும் இதேதான்' என்று யாரும் தொடங்கக்கூடாது. சித்தி பிழைத்திருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, அக்கா அப்போது கேட்க விரும்புவது அந்தக் கதையை இல்லை. பப்பாளி இலைச் சாறு, முள்ளு சீத்தா என்று வைத்தியம் சொல்வதும் வேண்டாம். அவர் மாத்திரை சாப்பிடுகிறவர், அதோடு எது சேரும் எது சேராது என்று அவருடைய டாக்டருக்குத்தான் தெரியும்.

முதல் நாள் எல்லோரும் கவனமாக இருப்பார்கள். உண்மையில் கஷ்டம் மூன்றாவது வாரத்தில் வரும். கீமோவுக்குப் பிறகு வரும் அசதி தூங்கி எழுந்தால் போகிற அசதி இல்லை, மாதக்கணக்கில் இருக்கும். சில மருந்துகளால் விரல் நுனி மரத்துப்போகும், டைப் செய்வது மெதுவாகும். கவனம் நழுவும், ஒரே எண்ணை இரண்டு முறை பார்க்க வேண்டியிருக்கும். அதற்குள் முடியும் வளர்ந்திருக்கும், பார்க்க நன்றாக இருப்பார், அதனால் அலுவலகம் மறந்துவிடும். அப்போது 'எதுனா வேணும்னா சொல்லுங்க' என்றால் அவர் கேட்க மாட்டார். எட்டு மாதம் எல்லோரிடமும் உதவி வாங்கியே கூசிப்போயிருப்பார். நீங்களே அளவு சொல்லிக் கொடுங்கள்: "அக்கா, இந்த மாசம் மூணு மணிக்கு மேல வர்ற பில்லெல்லாம் நான் போட்டுடறேன். அடுத்த மாசம் பேசிக்கலாம்." 20-ம் தேதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் வேலையில் அவர் ஓர் எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டால், "இந்த வரியை ஒரு தடவை பாருங்கக்கா" என்று மற்றவர்களிடம் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே சொல்லுங்கள். 'பரவாயில்லை, உங்க நிலைமை தெரியாதா' என்று சொன்னால் அவர் மறுபடியும் நோயாளி ஆகிவிடுவார்.

இனி மகப்பேறு விடுப்பு முடிந்து வருகிறவர். அவருக்கு வேறு அட்டை, வேறு நாள். ஒரே மாதம் என்பதால் ஒரே கேக்கில் இரண்டு பெயர் போட்டுவிடாதீர்கள். ஒருவர் வீட்டில் தொட்டில் ஆடுகிறது, இன்னொருவர் வீட்டில் மாத்திரை டப்பா இருக்கிறது. இரண்டையும் சேர்த்து 'நீண்ட விடுப்பு' என்று கொண்டாட முடியாது.

இங்கே குழந்தையைப் பற்றித் தாராளமாகப் பேசலாம். "பாப்பாவுக்கு என்ன பேர் வைச்சீங்க? போட்டோ காட்டுங்க" என்றால் முகம் மலர்ந்துவிடும். ஒரே ஒரு முன்னெச்சரிக்கை: எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று உறுதியாகத் தெரிந்த பிறகு எழுதுங்கள். கருச்சிதைவுக்கும் சட்டத்தில் 6 வார விடுப்பு உண்டு. அதில் இருந்து வந்தவரிடம் 'ஸ்வீட் எங்கே' என்று ஒருவர் கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். அப்படி வருகிறவரிடம் "உங்களை நினைச்சுக்கிட்டே இருந்தோம்" என்பதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

தனியார் நிறுவனத்தில் 2017-லிருந்து முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் விடுப்பு, அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்னால் எடுத்துக்கொள்ளலாம். அப்படிப் பார்த்தால் அவர் திரும்பி வரும் நாளில் குழந்தைக்கு நான்கிலிருந்து ஆறு மாதம் இருக்கும். முதன்முறையாக அதை விட்டுவிட்டு ஒன்பது மணி நேரம் வெளியே இருக்கப்போகிறார். அன்றைக்கு 'குழந்தையை யார் பார்த்துக்கறாங்க? அழாதா?' என்று கேட்டால் பஸ்ஸில் அடக்கிக்கொண்டு வந்த அழுகை அங்கேயே வந்துவிடும். அப்பாவாகி வந்த ஆண்களிடம் யாரும் இதைக் கேட்பதில்லை. 'தாய்ப்பாலா, பவுடரா', 'அடுத்தது எப்போ' என்பவையும் வேண்டாம்.

அவருக்குச் சிறந்த வரவேற்பை அவருடைய மேலதிகாரிதான் கொடுக்க முடியும். குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பாலூட்டுவதற்கு வேலை நேரத்தில் இரண்டு இடைவேளை சட்டப்படி உண்டு. பால் எடுத்து வைக்கவும் அந்த நேரம்தான் உதவும். அதை அவராகத் தயங்கித் தயங்கி வந்து கேட்கும்படி வைக்காமல், முதல் நாளே அவர் உட்கார்ந்ததும் மேலதிகாரி சொல்லட்டும்: "பதினொன்றரைக்கும் மூன்றரைக்கும் உங்க நேரம்மா. அந்த நேரத்தில மீட்டிங் வைக்க மாட்டோம். கடைசி ரூமுக்கு உள்தாழ்ப்பாள் போட்டாச்சு, சாவி இந்தாங்க." அவருடைய அட்டையில் நீங்கள் இப்படி எழுதலாம்: "வாங்க. பாப்பா படத்துக்கு உங்கள் மேசையில் இடம் விட்டு வைத்திருக்கிறோம். உங்கள் கோப்புகள் நீங்கள் வைத்த வரிசையிலேயே இருக்கின்றன."

அக்காவின் அட்டையை வியாழக்கிழமையே சுற்றுக்கு விடுங்கள். கடைசி நேரத்தில் நீட்டினால் எல்லோரும் மேலே இருப்பவர் எழுதியதையே பார்த்து எழுதுவார்கள். அவர் செய்த வேலையில் உங்களுக்கு உதவிய ஒன்று எது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டுப் பேனாவைக் கொடுங்கள். டீ கொண்டு வரும் அண்ணனிடமும் கொடுங்கள். எங்கள் மெர்ச்சண்டைசரின் அட்டையில் எங்கள் டீ அண்ணன் எழுதியிருந்தது, "சர்க்கரை கம்மி, மறக்கலை".